நூற்றுக்கு இருபது: எந்த நூற்றுக்கு?



கெடா மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வாத்து முட்டைகளை உப்பு நீரில் ஊறப்போட்டு, தோட்டத்திலும் பக்கத்துத் தாமானிலும் விற்று வருகிறாராம். யாரோ கொடுத்த செய்முறைத் தாளில் "20 விழுக்காட்டு உப்பு நீர்" என்று இருந்ததாம். இவர் 200 கிராம் உப்பை நிறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்திருக்கிறார். நான்காம் படிவத்தில் படிக்கும் மகள், "அம்மா, இது 20 விழுக்காடே இல்லை" என்கிறாள். கணவரோ, "நூற்றுக்கு இருபது, ஆயிரத்துக்கு இருநூறு. இதில் என்ன தப்பு?" என்று சிரிக்கிறாராம். இன்னொன்றையும் கேட்டிருக்கிறார்: பேரப்பிள்ளைக்கு வாங்கி வந்த மருந்து போத்தல்களில் விழுக்காட்டுக் குறிக்குப் பின்னால் சின்னதாக இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவே, அவை என்ன?

இரண்டும் ஒரே கேள்விதான். ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். முதலில் முட்டைக்காரச் சகோதரியின் பானையைப் பார்ப்போம்.

மூன்று பானைகள்

விழுக்காடு என்றால் நூற்றில் இத்தனை பங்கு. அதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த நூறு எது? நூறு கிராமா, நூறு மில்லிலிட்டரா? தண்ணீரின் நூறா, உப்பும் தண்ணீரும் கலந்து முடிந்த நீரின் நூறா? இதைச் சொல்லாமல் வெறுமனே 20 விழுக்காடு என்றால் பாதிச் செய்திதான் சொன்னதாகும்.

முதல் பானையில் 250 கிராம் உப்பையும் ஒரு லிட்டர் தண்ணீரையும் போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே மொத்த எடை 1,250 கிராம். அதில் உப்பு 250. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூறு கிராமுக்கு 20 கிராம். இதற்கு "எடைக்கு எடை" 20 விழுக்காடு என்று பெயர். உப்பையும் தராசில் நிறுத்து, கலந்த நீரையும் தராசில் நிறுத்துச் சொல்லும் கணக்கு இது.

இரண்டாவது பானையில் 200 கிராம் உப்பைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைப்போம். மொத்த நீரும் ஒரு லிட்டர் கோட்டைத் தொட்டவுடன் நிறுத்திவிடுவோம். இப்போது ஒவ்வொரு நூறு மில்லிலிட்டரிலும் 20 கிராம் உப்பு இருக்கும். இதற்கு "எடைக்குக் கொள்ளளவு" 20 விழுக்காடு என்று பெயர். உப்பைத் தராசில் நிறுத்து, கலந்த நீரை அளவுக் குவளையில் அளந்து சொல்லும் கணக்கு. இதற்குச் செல்லும் தண்ணீர் ஒரு லிட்டர் அல்ல, ஏறக்குறைய 930 மில்லிலிட்டர்தான். உப்பும் இடம் எடுத்துக்கொள்கிறதல்லவா?

மூன்றாவது, நம் சகோதரியின் பானை. 200 கிராம் உப்பு, முழுசாக ஒரு லிட்டர் தண்ணீர். மொத்த எடை 1,200 கிராம் ஆகிவிட்டது. அதில் உப்பு 200 என்றால் நூற்றுக்கு 16.7 கிராம்தான். அளந்து பார்த்தால் நீர் ஒரு லிட்டரைத் தாண்டி 1,067 மில்லிலிட்டர் அளவுக்கு ஏறியிருக்கும். அப்படிப் பார்த்தால் நூறு மில்லிலிட்டருக்கு 18.7 கிராம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இருபது வரவில்லை. மகள் சொன்னதே சரி.

கணவர் எங்கே வழுக்கினார் என்பது இப்போது தெரிந்திருக்கும். உப்பைச் சேர்ப்பதற்கு முன் இருந்த தண்ணீரை அவர் நூறாக எடுத்துக்கொண்டார். விழுக்காட்டில் வரும் நூறு, எல்லாம் கலந்து முடிந்த பிறகு இருக்கும் நீர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அடிக்கடி வழுக்கும் இடம் இதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று ஒரே மாதிரி கணக்கிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எடைக்கு எடை 20 விழுக்காடு வேண்டுமானால் 250 கிராம். எடைக்குக் கொள்ளளவு 20 விழுக்காடு வேண்டுமானால் 215 கிராம். சகோதரி போட்டது 200 கிராம். ஒரே "20 விழுக்காடு" என்ற சொல்லுக்கு மூன்று வகை உப்புக்கரிப்பு!

ஏன் இப்படி ஆகிறது?

வெறும் தண்ணீருக்கு எடையும் கொள்ளளவும் ஒன்றுதான். நூறு மில்லிலிட்டர் தண்ணீர் நூறு கிராம் இருக்கும். உப்போ சர்க்கரையோ கரைந்தவுடன் அந்த ஒற்றுமை போய்விடுகிறது. எடைக்கு எடை 20 விழுக்காட்டு உப்பு நீர் ஒரு லிட்டரை நிறுத்தால் ஒரு கிலோ 148 கிராம் இருக்கும். நீர் கனமாகிவிட்டது. அந்த ஒரு லிட்டரில் இருக்கும் உப்பு 200 கிராம் அல்ல, ஏறக்குறைய 230 கிராம்.

ஆகவே ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குப் போக வழி சுலபம். ஒரு மில்லிலிட்டர் நீர் எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்து, எடைக்கு எடை விழுக்காட்டை அந்த எண்ணால் பெருக்கினால் எடைக்குக் கொள்ளளவு விழுக்காடு வந்துவிடும். 20ஐ 1.148ஆல் பெருக்கினால் 23. அவ்வளவுதான்.

நீர் எவ்வளவுக்கெவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவுக்கவ்வளவு இரண்டு கணக்கும் விலகிப்போகும். இனி உப்புக் கரையவே கரையாது என்ற எல்லைக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் நூறு கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும். அந்த நீரை ஒருவர் எடைக்கு எடை 26 விழுக்காடு என்பார். இன்னொருவர் எடைக்குக் கொள்ளளவு 32 விழுக்காடு என்பார். தண்ணீரை மட்டும் பார்த்தவர் 36 என்பார். மூவரும் ஒரே பானையைத்தான் பார்த்துப் பேசுகிறார்கள்.

முட்டை ஊறப்போடுகிறவர்களில் பலர் இந்த எல்லையில்தான் உப்பு நீர் வைக்கிறார்கள். அவர்களுக்கு விழுக்காட்டுத் தலைவலியே கிடையாது. உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போய், கலக்கியும் கொஞ்சம் உப்பு அடியில் தங்கிவிட்டால் எல்லை வந்துவிட்டது என்று பொருள். "முட்டை மிதந்தால் போதும்" என்று பெரியவர்கள் சொல்லும் பதம் வேறு. புதிய முட்டை, நூறு கிராம் நீரில் பதினொன்று பன்னிரண்டு கிராம் உப்பு இருக்கும்போதே மிதக்கத் தொடங்கிவிடும். பழைய முட்டை அதற்கும் முன்பே மிதக்கும். ஆகவே முட்டை மிதப்பதைப் பார்த்து 20 விழுக்காடு ஆகிவிட்டது என்று நம்பக்கூடாது.

நீர்த்த உப்பு நீரில் கவலை இல்லை

ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றும் உப்பு நீர்ப் பையைப் பார்த்திருப்பீர்கள். அதில் 0.9 விழுக்காடு என்று எழுதியிருக்கும். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. இது எடைக்குக் கொள்ளளவுக் கணக்கு. இதையே எடைக்கு எடையாகச் செய்தால் என்ன ஆகும்? ஒரு லிட்டருக்கு 9.04 கிராம் உப்பு வரும். நான்கைந்து பரல் உப்புக்கு மேல் வித்தியாசமில்லை. நீர் அத்தனை நீர்த்திருப்பதால் ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோவை விட நான்கைந்து கிராம்தான் கூடுகிறது.

தொண்டை கரகரப்புக்கு வீட்டில் கொப்பளிக்கும் உப்பு நீரும் இந்த வகைதான். பொடி உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அரைத் தேக்கரண்டி உப்பை 300 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் ஒரு விழுக்காட்டுக்கு வந்துவிடும். எடைக்கு எடையா, கொள்ளளவா என்று யோசிக்க வேண்டியதில்லை. கல்லுப்பானால் இடையில் காற்று நிற்பதால் அதே கரண்டியில் உப்புக் குறைவாகவே பிடிக்கும். கொப்பளிப்பதற்கு அதுவும் பாதகமில்லை.

பிள்ளைகளுக்குப் பேதி கண்டால் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்திலும் இதே நிலைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி வகுத்த பொட்டலத்தில் எல்லாம் சேர்த்து 20.5 கிராம் இருக்கிறது. அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீரை அளந்து ஊற்றிப் பொட்டலத்தைப் போட்டாலும் சரி, பொட்டலத்தைப் போட்டு லிட்டர் கோடு வரை நிரப்பினாலும் சரி, வித்தியாசம் அற்பமே. இங்கே ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சில பொட்டலங்கள் ஒரு லிட்டருக்கு. சில ஒரு குவளைத் தண்ணீருக்கு மட்டும். லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு இரண்டு மடங்காகிவிடும். தளர்ந்துபோன குழந்தைக்கு அது மேலும் கேடு செய்யும். "பாதிப் பொட்டலம் இன்று, பாதி நாளை" என்று பிரிப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் பொருள்கள் சமமாகப் பிரிவதில்லை. பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் தண்ணீர் அளவே அளவு.

ஒரு சின்ன எச்சரிக்கை. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்த பிறகே அளக்க வேண்டும். கொதிக்கும் நீர் விரிந்திருக்கும். கொதிக்கக் கொதிக்க ஒரு லிட்டர் அளந்தால், ஆறிய பின் 960 மில்லிலிட்டர்தான் நிற்கும். சூட்டில் கொள்ளளவு மாறும், எடை மாறாது. தொழிற்சாலைகளில் எடைக்கு எடைக் கணக்கை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து போத்தலின் இரண்டு எழுத்துகள்

இனி சகோதரியின் இரண்டாவது கேள்வி. ஆங்கிலத்தில் எடைக்கு வெயிட், கொள்ளளவுக்கு வால்யூம். அவற்றின் முதலெழுத்துகளான டபிள்யூவையும் வியையும் சாய்கோடு போட்டுப் பிரித்து எழுதியிருந்தால், அது எடைக்குக் கொள்ளளவு. டபிள்யூ இரண்டு முறை வந்தால் எடைக்கு எடை. இரண்டு இடத்திலும் வி வந்தால் கொள்ளளவுக்குக் கொள்ளளவு. மதுசாரம் கலந்த நீர்களில் அதைக் காணலாம்.

புண்ணுக்குப் போடும் பழுப்பு நிறப் பொவிடோன் அயோடின் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலில் நீராக வருவதில் 10 விழுக்காடு, டபிள்யூவும் வியும் இருக்கும். அதே மருந்து குழாயில் களிம்பாக வரும்போதும் 10 விழுக்காடுதான். ஆனால் அங்கே இரண்டும் டபிள்யூ. களிம்பைக் குவளையில் ஊற்றி அளக்க முடியுமா? நிறுக்கத்தான் முடியும். நீரையோ கரண்டியிலும் குவளையிலும் அளக்கிறோம். மருந்தை எப்படி அளந்து எடுப்பார்களோ, அதற்கேற்ற கணக்கைப் போத்தலில் எழுதுகிறார்கள். சிரங்குக்குப் பூசும் பென்சைல் பென்சோயேட் வெள்ளை மருந்தும் நீர்மமாகையால் 25 விழுக்காடு, எடைக்குக் கொள்ளளவு.

வாயால் குடிக்கும் மருந்துகளுக்கு இந்தக் கணக்கில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு விழுக்காடு என்றால் நூறு மில்லிலிட்டரில் ஒரு கிராம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். ஆகவே எடைக்குக் கொள்ளளவு விழுக்காட்டைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று வந்துவிடும். எடைக்கு எடை விழுக்காட்டில் இப்படி நேராகப் பெருக்கக்கூடாது. நீர் கனமாக இருந்தால் விடை தப்பிப்போகும்.

இனிப்பு மருந்தைத் தராசில் வைக்காதீர்கள்

பிள்ளைகளின் மருந்து பெரும்பாலும் பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். மருந்தகங்களில் அடிப்படையாக வைத்திருக்கும் வெறும் சர்க்கரைப் பாகு ஒன்றில் நூறு மில்லிலிட்டருக்கு 85 கிராம் சர்க்கரை உண்டு. அந்த நூறு மில்லிலிட்டரின் எடை 131 கிராம். ஆகவே எடைக்குக் கொள்ளளவில் அது 85 விழுக்காடு. எடைக்கு எடையில் 65 விழுக்காடுதான். உப்பு நீரில் பார்த்ததை விடப் பெரிய இடைவெளி.

இப்போது பல வீடுகளில் மின் தராசு இருக்கிறது. சிலவற்றில் மில்லிலிட்டர் என்று ஒரு பொத்தானும் இருக்கும். அந்தத் தராசுக்குக் கொள்ளளவு தெரியாது. மேலே வைத்தது தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு எடையையே மில்லிலிட்டராகக் காட்டுகிறது. அதில் 5 என்று வரும் வரை அந்தப் பாகை ஊற்றினால் கிடைப்பது 3.8 மில்லிலிட்டர்தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. மருந்தை அளக்க மருந்தோடு வரும் குவளையோ, கோடு போட்ட ஊசியில்லாப் பீச்சியோதான் ஏற்றவை. தேநீர்க் கரண்டிகளும் எல்லாம் ஒரே அளவில் செய்யப்பட்டவை அல்ல.

ஒரு காய்ச்சல் மருந்து, மூன்று போத்தல்கள்

கடைசியாக ஒரு கணக்கு. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் நீர் மருந்து ஒரே பலத்தில் வருவதில்லை. ஒரு போத்தலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான போத்தலில் 5 மில்லிலிட்டருக்கு 250. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிலிட்டருக்கு 100. எடைக்குக் கொள்ளளவில் சொன்னால் 2.4, 5, 10 விழுக்காடு. பாருங்கள், மிகச் சிறிய பிள்ளைக்கான போத்தலில்தான் மருந்து மிகப் பலமாக இருக்கிறது. சின்னக் குழந்தை நிறையக் குடிக்க மாட்டாதாகையால், குறைந்த நீரில் மருந்தை அடக்கியிருக்கிறார்கள்.

10 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு 150 மில்லிகிராம் கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் போத்தலில் ஒரு மில்லிலிட்டருக்கு 24 மில்லிகிராம், ஆகவே 6.25 மில்லிலிட்டர். இரண்டாவதில் ஒரு மில்லிலிட்டருக்கு 50. ஆகவே 3 மில்லிலிட்டர். சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லிலிட்டர்.

சென்ற முறை முதல் போத்தலில் கொடுத்த ஆறேகால் மில்லிலிட்டர் அம்மாவின் மனத்தில் நிற்கிறது. இந்த முறை கடையில் அது இல்லை. அப்பா சொட்டு மருந்தை வாங்கி வந்திருக்கிறார். "அதே மருந்துதானே, அதே அளவு" என்று ஆறேகால் கொடுத்தால் உள்ளே போவது 625 மில்லிகிராம். நான்கு மடங்குக்கு மேல். அடுத்த வேளைகளிலும் அப்படியே தொடர்ந்தால் ஈரல் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. இதில் மோசம் என்னவென்றால், முதல் நாள் பிள்ளை நன்றாக இருப்பது போலவே தோன்றக்கூடும். அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தக் குழப்பத்தைக் குறைப்பதற்காகவே அமெரிக்காவில் மருந்து தயாரிப்பவர்கள் 2011இல் கைக்குழந்தைகளுக்கான பலமான சொட்டு மருந்தைக் கைவிட்டு, 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே பலத்துக்கு வரப்போவதாக அறிவித்தார்கள்.

ஆகவே, புதுப் போத்தல் ஒன்று வீட்டுக்கு வந்தால் கொடுக்கும் முன் இரண்டு இடத்தைப் படித்துவிடுங்கள். ஒன்று, மருந்து எத்தனை மில்லிகிராம். மற்றது, அது எத்தனை மில்லிலிட்டரில். இரண்டாவது எண்ணைப் படிக்காமல் முதல் எண்ணை மட்டும் படிப்பதும், "நூற்றுக்கு இருபது" என்று மட்டும் எழுதிய அந்தச் செய்முறைத் தாளும் ஒன்றுதான். டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ அளவு கேட்கும்போது, "எத்தனை கரண்டி?" என்று கேட்காமல், "இந்தப் போத்தலில் எத்தனை மில்லிலிட்டர்?" என்று போத்தலைக் காட்டியே கேளுங்கள். அவர் சொன்ன அளவை அந்தப் போத்தலின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். போத்தல் மாறினால் அந்த அளவும் செல்லாது. மறுபடி கேட்க வேண்டும்.